முதல் நாளே போட வேண்டிய மாத்திரை

அவசரக் கருத்தடை மாத்திரையின் அட்டையில் 72 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு நிறுவனம் மாத்திரையின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர்த்து வைத்திருக்கிறது. படிப்பவர்கள் அதை மூன்று நாள் அவகாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்தால், ‘திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது வாங்கிக்கொள்ளலாம், இன்னும் நேரம் இருக்கிறதே’ என்று கணக்குப் போடுகிறார்கள். தேவையில்லாத கர்ப்பங்கள் பலவற்றுக்கு வழிவிடுவது இந்தக் கணக்குதான். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அந்த எல்லைக்குள் எப்போது போட்டாலும் ஒரே பலன் கிடைக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1998-ல் வெளியானது. ஏறத்தாழ 2,000 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். உறவுக்குப் பின் முதல் 24 மணி நேரத்துக்குள் லெவோனார்ஜெஸ்ட்ரல் மாத்திரை போட்டவர்களிடம், உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் போட்டவர்களிடம் அது 85 சதவீதம். மூன்றாம் நாளில் 58 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பிறகு வந்த ஆய்வுகளில் இந்தச் சதவீதங்கள் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. ஆனாலும் சீக்கிரம் போட்டவர்களுக்கே பலன் அதிகம் என்பதுதான் மருத்துவ உலகம் இன்றுவரை சொல்லும் அறிவுரை.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொண்டால், தள்ளிப்போட மனம் வராது.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளியே வருகிறது. அது வெளிவருவதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிக அளவில் சுரக்கத் தொடங்கும். முட்டை வெளியேறுவதற்கான உத்தரவு அதுதான். லெவோனார்ஜெஸ்ட்ரல் செய்யும் வேலை அந்த உத்தரவு பிறக்காமல் தடுப்பது, அல்லது சில நாள் தள்ளிப்போடுவது. ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரைகூட உயிரோடு இருக்கும். அந்த ஐந்து நாளும் முட்டை வெளியே வராமல் இருந்துவிட்டால், காத்திருந்த விந்தணுக்கள் செயலிழந்துபோகும், கருத்தரிப்பு நடக்காது.

எல்.எச். ஏறத் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மதகு திறப்பதற்கு முன் போனால் திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம், திறந்து தண்ணீர் பாய்ந்த பிறகு போய் என்ன பயன்? சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாத்திரை போட்ட ஒவ்வொரு பெண்ணும் அப்போது எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பதை ஸ்கேன் வழியாகவும் ரத்தப் பரிசோதனை வழியாகவும் பார்த்தார்கள். முட்டை வெளிவருவதற்கு முன் போட்டவர்களில் ஒருவர்கூடக் கருத்தரிக்கவில்லை. முட்டை வெளிவந்த பிறகு போட்டவர்களிடம், மாத்திரையே போடாமல் இருந்தால் எத்தனை பேர் கருத்தரித்திருப்பார்களோ ஏறக்குறைய அத்தனை பேர் கருத்தரித்தார்கள்.

ஆகவே தாமதம் ஆக ஆக மாத்திரையின் சக்தி குறைகிறது என்று நினைக்க வேண்டாம். மாத்திரை அதேதான். நாம் காத்திருக்கும் நேரத்தில் உடல் தன் வேலையில் முன்னேறிப் போய்விடுகிறது. தனக்கு எந்த நேரத்தில் எல்.எச். ஏறத் தொடங்கும் என்று எந்தப் பெண்ணாலும் உணர்ந்து சொல்ல முடியாது. மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்களுக்கே இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகும். தெரியாத ஒன்றோடு போட்டி போடும்போது முந்திக்கொள்வது ஒன்றே வழி.

இதே விளக்கத்திலிருந்து இன்னொன்றும் புரியும். இது கருக்கலைப்பு மாத்திரை கிடையாது. கரு தங்கிவிட்டால் இதனால் அதைக் கலைக்க முடியாது, அந்தக் கருவுக்குக் கெடுதலும் செய்யாது. கருக்கலைப்புக்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு இரண்டு மருந்துகள். அவற்றை மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போடுவது ஆபத்து. கடையில் ‘கலைக்கிற மாத்திரை’ என்று கேட்டு, தவறான அட்டையோடு வீடு திரும்பக் கூடாது. கேட்க வேண்டிய பெயர் லெவோனார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். அட்டையைத் திருப்பி அந்தப் பெயரும் அளவும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெரும்பாலும் ஓர் அட்டையில் ஒரே மாத்திரை இருக்கும். 0.75 மில்லிகிராமில் இரண்டு மாத்திரை உள்ள பழைய வகை கிடைத்தால், இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடலாம். 12 மணி நேர இடைவெளி விட்டுப் போடச் சொன்னது அந்தக் காலம். சுமார் 4,000 பெண்களிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வுக்குப் பிறகு அது தேவையில்லை என்று ஆகிவிட்டது. இரண்டாவதை மறந்துபோகும் சிக்கலும் அதோடு போயிற்று.

சாப்பிட்ட பிறகு போட வேண்டுமா, வெறும் வயிற்றிலா என்று கேட்பவர்கள் உண்டு. எப்படியும் போடலாம். மாத்திரை கைக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். இட்லி வேகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி வாந்தி. இந்த மாத்திரையைப் பற்றிய பயத்தில் பாதி வாந்தியைப் பற்றியதுதான், அது வந்ததும் ஒரு காரணத்தால்தான். 1970-களில் கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பி வகுத்த முறையில், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை ஒரே நேரத்தில் பல போட்டு, 12 மணி நேரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். குடலைப் புரட்டியது அந்த ஈஸ்ட்ரோஜன். 1998 ஆய்வில் அந்த முறைப்படி மாத்திரை போட்டவர்களில் பாதிப் பேருக்குக் குமட்டல் வந்தது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வாந்தி எடுத்தார். லெவோனார்ஜெஸ்ட்ரல் மட்டும் போட்டவர்களில் வாந்தி எடுத்தவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே வேளையாகப் போடும் முறையைச் சோதித்த 2002 ஆய்வில் அது 1 சதவீத அளவுக்கு இறங்கியது. குமட்டல் மட்டும் ஏழில் ஒருவருக்கு வந்தது. அதாவது இன்று கடையில் கிடைக்கும் மாத்திரைக்கு வாந்தி வருவது அபூர்வம். வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பதுதான் சங்கடம்.

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். லெவோனார்ஜெஸ்ட்ரல் ரத்தத்தில் உச்ச அளவை எட்டுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகிறது. அதற்குள் வாந்தி எடுத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மறுபடியும் ஒரு முழு வேளை போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்கு இரண்டு மணி நேரத்தை எல்லையாக வைத்திருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் வழிகாட்டுதல்கள் மூன்று மணி நேரம் என்கின்றன. இரண்டில் எதைப் பின்பற்றுவது? என் பதில் மூன்று மணி நேரம். காரணம் எளிது. தேவையில்லாமல் இன்னொரு மாத்திரை போட்டுவிட்டால் கூடுதலாகக் கொஞ்சம் குமட்டலும் மாதவிலக்கு நாளில் ஒரு மாற்றமும் வரலாம், அவ்வளவுதான். தேவையான நேரத்தில் போடாமல் விட்டால் அதன் விளைவு கர்ப்பம்.

மூன்று மணி நேரம் கழிந்த பிறகு வாந்தி வந்தால் மறுபடியும் போட வேண்டியதில்லை, மருந்து உள்ளே சேர்ந்துவிட்டது. வெறும் குமட்டல் இருந்து வாந்தி வராவிட்டாலும் போட வேண்டியதில்லை. தலைசுற்றல், மார்பு வலி, அசதி எல்லாம் ஓரிரு நாளில் தானாகவே அடங்கிவிடும்.

இந்தக் கணக்கை ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். கற்பனையான தம்பதிதான், நேரங்களும் நாம் வைப்பவைதான். ஆனால் நடக்கக்கூடியவை.

சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு ஆணுறை கிழிந்துவிடுகிறது. மனைவிக்கு அன்று மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து பதினொன்றாவது நாள். ஞாயிறு காலை கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். முதல் கடை பூட்டியிருக்கிறது. இரண்டாவது கடையில் “அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல சார்” என்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் ஓர் அட்டை கிடைக்கிறது. 9.15 மணிக்கு மனைவி அதை விழுங்குகிறார். பதற்றத்தில் இரவு முழுக்கத் தூங்கவில்லை, காலையில் காபி மட்டும்தான் குடித்திருக்கிறார். 10.45 மணிக்கு வாந்தி எடுத்துவிடுகிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய நேரங்கள் இரண்டு. உறவு நடந்ததிலிருந்து ஓடும் நேரம் ஒன்று. அது மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போட வேண்டும் என்பதற்கானது. விழுங்கியதிலிருந்து ஓடும் நேரம் மற்றொன்று. அது வாந்திக்கானது. இவருக்கு மாத்திரை விழுங்கி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே வருகிறது, ஆகவே யோசிக்க ஒன்றுமில்லை, இன்னொரு வேளை போட்டாக வேண்டும். இதே வாந்தி 11.45-க்கு வந்திருந்தால் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதும் போடுவதே நல்லது. 12.40-க்கு வந்திருந்தால் மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது, விட்டுவிடலாம்.

ஆனால் அவர்கள் ஓர் அட்டைதான் வாங்கியிருந்தார்கள். அந்தக் கடையில் அதுவே கடைசி அட்டை. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். பணியில் இருக்கும் செவிலியரிடம் மனைவி தயங்கித் தயங்கிச் சொல்கிறார்:

“சிஸ்டர், வாந்தில மாத்திரை ஒண்ணும் வரலை. வெறும் காபிதான் வந்துச்சு. அப்படின்னா மாத்திரை உள்ளதானே இருக்கும்?”

“அப்படி நம்ப முடியாதும்மா. அது கரைஞ்சுபோற மாத்திரை. கண்ணுக்குத் தெரியலைன்னாலும் மருந்து காபியோடயே வந்திருக்கும். எத்தனை மணிக்குப் போட்டீங்க?”

“ஒன்பதே காலுக்கு. வாந்தி வந்தப்ப பத்தே முக்கால்.”

“அப்ப இன்னொண்ணு போட்டுக்கோங்க. இப்பவே, இங்கயே.”

மாத்திரை முழுசாக வெளியே வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. வரவில்லை என்பதற்காக உள்ளே இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பார்க்க வேண்டியது கடிகாரத்தை. விழுங்கிய நேரத்தை அப்போதே கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லலாம். பதற்றத்தில் எப்போது விழுங்கினோம் என்பது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை.

பிற்பகல் 1 மணிக்கு அவர் இரண்டாவது மாத்திரையை விழுங்குகிறார். உறவு நடந்து பதிமூன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, முதல் நாள் கணக்குக்குள்ளேயே இருக்கிறார். இனி மூன்று மணி நேரக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. மாலை 4 மணி வரை வாந்தி வராவிட்டால் போதும். இரண்டாவதும் வெளியே வந்துவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் வாந்தியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்து, அது பிடித்த பிறகு மூன்றாவது வேளையைத் தருவார், அல்லது காப்பர்-டி பொருத்திக்கொள்ளச் சொல்வார். வாந்தி மாத்திரையை எல்லோரும் முன்னெச்சரிக்கையாகப் போட வேண்டிய அவசியமில்லை. முன்பு இந்த மாத்திரை போட்டு வாந்தி எடுத்தவர்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதே பெண் ‘திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சனி பதினொன்றாவது நாள் என்றால் திங்கள் பதிமூன்றாவது நாள். அவருக்குப் பதினான்காம் நாள் நண்பகலில் முட்டை வெளிவருவதாக வைத்துக்கொண்டால், எல்.எச். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கும். திங்கள் மாலை 6 மணிக்கு மாத்திரை போட்டால், உறவு நடந்து 43 மணி நேரம்கூட ஆகியிருக்காது. அட்டையில் உள்ள 72-க்கு இன்னும் ஒரு நாளுக்கு மேல் பாக்கி இருக்கும். ஆனால் மாத்திரை வேலை செய்யவேண்டிய நேரம் அன்று காலையிலேயே முடிந்துவிட்டிருக்கும். அட்டையின் கணக்குக்கும் உடலின் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. ஐந்தாம் நாள் வரை மாத்திரை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பலன் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மாத்திரையைவிடப் பல மடங்கு நம்பகமானது காப்பர்-டி. ஐந்து நாளுக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பொருத்துகிறார்கள், தொடர்ந்து பல ஆண்டுகளுக்குக் கருத்தடையாகவும் இருக்கும். வாந்தி என்ற பிரச்சினையே அதில் கிடையாது. குழந்தை பெற்றவர்களுக்குத்தான் காப்பர்-டி என்று நம்மூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. குழந்தை பெறாதவர்களும் பொருத்திக்கொள்ளலாம்.

சிலருக்குத் தொடக்கத்திலேயே காப்பர்-டி நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் சாப்பிடுபவர்கள் இந்த வகையில் வருகிறார்கள். இந்த மருந்துகள் கல்லீரலைத் தூண்டி, லெவோனார்ஜெஸ்ட்ரலை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. நிறுத்திய பிறகும் நான்கு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். காப்பர்-டிக்கு வழியில்லாவிட்டால் இவர்கள் ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரையாக, 3 மில்லிகிராம் போட வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டுதல். எடை 70 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கும் ஒரு மாத்திரை போதாமல் போகலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார். நாமாகத்தான் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாத்திரை போட்ட பிறகு நடப்பதைப் பற்றிக் கொஞ்சம். முட்டையைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அது பிறகு வெளியே வரும். ஆகவே அதே மாதத்தில் அடுத்த முறை பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால், ஏற்கெனவே போட்ட மாத்திரை காப்பாற்றாது. உண்மையில் ஆபத்து அப்போது கூடுதல். அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை கட்டாயம். வழக்கமான கருத்தடை மாத்திரையை உடனே தொடங்குவதாக இருந்தாலும் முதல் ஏழு நாளுக்கு ஆணுறையும் வேண்டும். அதே மாதத்தில் இன்னொரு முறை அவசரமாகத் தேவைப்பட்டால் மறுபடியும் போடலாம், அதனால் மலட்டுத்தன்மை வராது. பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதற்கு ஆதாரமில்லை. அடிக்கடி இதையே நம்பி இருந்தால் மாதவிலக்கு குழம்பும், வழக்கமான முறைகளின் அளவுக்குப் பாதுகாப்பும் கிடைக்காது.

மாதவிலக்கு சில நாள் முன்னதாகவோ ஒரு வாரம் வரை தாமதமாகவோ வரலாம். நடுவில் லேசாக ரத்தக் கசிவு தெரிந்தால் அதை மாதவிலக்கு என்றும், ‘தப்பித்துவிட்டோம்’ என்றும் நினைத்துவிடக் கூடாது. வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டினாலோ, வந்தது வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தாலோ, உறவு நடந்து மூன்று வாரம் முடிந்ததும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் இல்லை என்று காட்டுவதை நம்ப முடியாது. வாந்தி எடுத்து மறுமாத்திரை கிடைக்காமல் போனவர்கள், மாதவிலக்கு வந்ததுபோல் தோன்றினாலும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. சில வாரம் கழித்து அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், மயக்கம் வந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு இந்த மாத்திரை சிகிச்சையின் ஒரு பகுதி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று மருத்துவமனை சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கூடப் போகிறவர்கள் மருத்துவரிடம் மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். அதிர்ச்சியில் இருக்கும் பெண் வாந்தி எடுப்பது இயல்பு. அந்த மூன்று மணி நேரம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுத்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த மாத்திரை கேட்டதும் கிடைக்காத கடைகள் நிறைய. லெவோனார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. அரசின் குடும்ப நலத் திட்டத்திலும் அது இருக்கிறது. ஆனாலும் கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதும், “கல்யாணம் ஆயிடுச்சா” என்று விசாரிப்பதும் நடக்கிறது. அந்தப் பார்வைக்குப் பயந்து ஊர் தாண்டிப் போய் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்த மாத்திரையின் பலன் மணிக்கணக்கில் கரைவது என்பதால், இங்கே ஒரு கடைக்காரரின் முகச்சுளிப்புகூட மருத்துவ விளைவை மாற்றிவிடுகிறது.

ஆகவே முதல் அட்டை வாங்கும்போதே இரண்டு கிடைத்தால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று வாந்திக்கு. தேவைப்படாவிட்டால் காலாவதித் தேதிவரை வீட்டில் இருக்கட்டும். அடுத்த முறை விடியும்வரை காத்திருக்க வேண்டியிராது. ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் தம்பதிகள் தேவை வருவதற்கு முன்பே ஓர் அட்டை வாங்கி வைப்பதில் தவறொன்றும் இல்லை. கடைகளில் கிடைக்காத ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கிராம சுகாதார செவிலியரையோ கேளுங்கள். தொலைபேசியில் 104-ஐ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

மருந்துக்கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அட்டையைக் கேட்டு வருபவர் ஆணோ பெண்ணோ, கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, காரணம் கேட்காமல் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: “இப்பவே போட்டுடுங்க. மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா இன்னொண்ணு போடணும், எத்தனை மணி ஆனாலும் வாங்க.”